வீத அட்டவணையின் புகைப்படத்தை வைத்து, எந்த நிலையான வைப்பு முதிர்வில் கூடுதலாகத் தரும் என்று கணிப்பது எப்படி?

உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், திருகோணமலை நகரிலுள்ள ஒரு வங்கிக் கிளையின் அறிவித்தற் பலகையைக் கைப்பேசியில் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். அவரிடம் 500,000 ரூபாய் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டுக் கூரையை மாற்றுவதற்காக அவர் ஒதுக்கிய பணம் அது. "தம்பி, ரெண்டு வருசத்துக்குப் போட்டாத்தானே கூட வட்டி எண்டு கிடக்கு, அதிலயே போடுவமா?" என்று குரற்பதிவும் இணைத்திருந்தார். படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்: 12 மாத வரிசையில் 8.00 என்றும் 24 மாத வரிசையில் 8.25 என்றும் இருந்தன. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் அவர் கைக்கு வரும் தொகை அந்தப் பெரிய எண்ணைப் பின்பற்றவில்லை. முதன்முறையாக வைப்பிலிடப் போகின்றவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடிய வகையில் அந்தக் கணக்கை இங்கே முழுமையாக எழுதுகிறேன். வீதங்கள் அந்தப் படத்துக்கு உரியவை. வாசிப்பவர் தமது வங்கியின் இன்றைய எண்களை அந்த இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தைச் சரியாக வாசித்தல்

கணக்கில் நேரும் பிழைகளை விடப் படத்தை வாசிப்பதில் நேரும் பிழைகளே அதிகம் என்பது எனது அனுபவம். அறிவித்தற் பலகை கண்ணாடிக்குள் இருக்கும். நேரே நின்று எடுத்தால் வீதியின் வெயிலும் வாசலில் நிற்கும் ஓட்டோவும் எண்களின் மேல் விழுந்திருக்கும். எனவே சற்றுப் பக்கவாட்டில் நின்று, கைப்பேசியைப் பலகையின் உயரத்துக்குப் பிடித்து எடுப்பது நல்லது. அட்டவணையை மாத்திரம் எடுத்துத் தலைப்பையும் அடிக்குறிப்பையும் வெட்டிவிடுவது பொதுவான தவறாகும். வீதங்கள் எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்தன என்பது தலைப்பிலும், ஆகக் குறைந்த வைப்புத் தொகை எவ்வளவு, எந்த வரிசை மூத்த பிரசைகளுக்கு மட்டும் உரியது என்பன அடிக்குறிப்பிலும் இருக்கும். வேறொருவர் அனுப்பிய படமாயின் திகதியைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்கவே கூடாது. ஆறு மாதத்துக்கு முந்திய வீதப் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

படம் சரிந்திருந்தால் கண் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு வழுக்கிவிடும். ஆகவே ஒரு காகிதத்தின் விளிம்பைத் திரையில் வைத்து வரிசை வரிசையாக வாசித்து, கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியையின் படத்திலிருந்து நான் எழுதியெடுத்தது இதுதான்:

| தவணை | வட்டி பெறும் முறை | p.a. | AER |
|---|---|---|---|
| 6 மாதம் | முதிர்வில் | 7.50 | 7.64 |
| 12 மாதம் | மாதாந்தம் | 7.?0 | 7.98 |
| 12 மாதம் | முதிர்வில் | 8.00 | 8.00 |
| 24 மாதம் | முதிர்வில் | 8.25 | 7.94 |
| 60 மாதம் | முதிர்வில் | 9.00 | 7.71 |

p.a. என்று தலைப்பிட்ட நிரலில் இருப்பது பெயரளவிலான ஆண்டு வட்டி வீதம். வங்கி உங்களுக்குத் தரும் வட்டியை இந்த எண்ணைக் கொண்டுதான் கணக்கிடும். AER என்று தலைப்பிட்ட நிரலில் இருப்பது ஆண்டுக்குரிய பயனுறு வீதம். கிடைக்கும் வட்டியும் அதே வீதத்தில் மீண்டும் வட்டி ஈட்டினால் ஓராண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லாத் தவணைகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்திக் காட்டும் எண் அது. பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் முதலாவது எண்தான். இரண்டாவதை ஒருவரும் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு நிரல்களும் சேர்ந்து இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு: படத்தைச் சரியாக வாசித்தோமா என்பதை அவற்றைக் கொண்டே சோதிக்கலாம். ஓராண்டுத் தவணையில், முதிர்வில் வட்டி தரும் வரிசையில் இரு எண்களும் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஓராண்டுக்குள் வட்டி ஒரு தடவைதான் வருகிறது. அங்கே 8.00 என்றும் பக்கத்தில் 7.94 என்றும் எழுதியிருந்தீர்களானால் நிச்சயமாக ஒரு வரிசை வழுக்கியிருக்கிறீர்கள். மேலேயும் கீழேயும் பார்த்துத் திருத்த வேண்டும்.

மாதாந்த வட்டி வரிசையில் நான் கேள்விக்குறி போட்டிருப்பதைக் கவனியுங்கள். கண்ணாடியின் பளபளப்பு அந்த இலக்கத்தின் மேல் விழுந்திருந்ததால் அது 7.10 ஆ, 7.70 ஆ என்று தெரியவில்லை. பக்கத்து நிரலில் 7.98 தெளிவாகத் தெரிந்தது. கைப்பேசியின் கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுக்குப் போடும் விசை தோன்றும். அதில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்:

```
(1 + 0.0710/12)^12 = 1.0734
(1 + 0.0770/12)^12 = 1.0798
```

முதலாவது 7.34 சதவீதத்தைத் தருகிறது, இரண்டாவது 7.98 சதவீதத்தைத் தருகிறது. எனவே மறைந்திருந்த இலக்கம் 7 தான். 6 மாத வரிசையையும் இதே வழியில் சோதிக்கலாம். அங்கே 12 க்குப் பதிலாக 2 வரும்: 1.0375 ஐ அதே எண்ணால் பெருக்கினால் 1.0764, அதாவது படத்திலிருந்த 7.64.

முதிர்வில் கிடைக்கும் தொகை

படத்தை நம்பலாம் என்று தெரிந்த பின்னர், ஒவ்வொரு வரிசைக்கும் முதிர்வுத் தொகையைக் கணக்கிட வேண்டும். வைப்புத் தொகையை p.a. வீதத்தால் பெருக்கி, பின்னர் தவணை எத்தனை ஆண்டு என்பதால் பெருக்கினால் வட்டி வரும். 6 மாதம் என்பது அரை ஆண்டு. 100 நாள் என்று இருந்தால் 100 ஐ 365 ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். வங்கி நாட்களை எண்ணித்தான் வட்டி போடும் என்பதால் அரையாண்டுத் தொகை ஏறத்தாழ 150 ரூபாய் வரை கூடியோ குறைந்தோ வரலாம். அது தீர்மானத்தை மாற்றாது.

500,000 ரூபாய்க்கு, 6 மாத வைப்பில் 18,750 ரூபாய் வட்டியுடன் 518,750 ரூபாயும், 12 மாத வைப்பில் 40,000 ரூபாய் வட்டியுடன் 540,000 ரூபாயும், 24 மாத வைப்பில் 82,500 ரூபாய் வட்டியுடன் 582,500 ரூபாயும் முதிர்வில் கிடைக்கும்.

இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு "582,500 தான் பெரிது" என்று முடிவெடுப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நீண்ட காலம் கிடந்த பணம் அதிக வட்டி தருவதில் வியப்பில்லை. 12 மாத வைப்பு முதிர்ந்த அன்று அந்த 540,000 ரூபாய் மறைந்து போவதில்லை. அதற்கு இன்னும் ஓராண்டு வேலை இருக்கிறது. ஆகவே பணம் எப்போது தேவை என்ற திகதியை முதலில் குறித்து, எல்லா வரிசைகளையும் அந்தத் திகதி வரை கொண்டுசென்று ஒப்பிட வேண்டும். ஆசிரியைக்குக் கூரை மாற்றும் வேலை இரண்டு ஆண்டுகளின் பின்னர் என்பதால் 24 ஆம் மாதமே எல்லா வரிசைகளுக்கும் பொதுவான முடிவிடம்.

12 மாத வைப்பை முதலும் வட்டியுமாக அதே வீதத்தில் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்தால் கிடைப்பது இது:

```
500000 x 1.08 x 1.08 = 583200
```

24 மாத வைப்பை விட 700 ரூபாய் கூடுதல். 8.00 என்ற சிறிய எண் 8.25 என்ற பெரிய எண்ணை முந்திவிட்டது. 6 மாத வைப்பை நான்கு தடவை சுழற்றினால் 579,325 ரூபாய் வரும், அது பின்தங்கிவிடுகிறது. இப்போது AER நிரலுக்குத் திரும்பிச் சென்று பாருங்கள்: 8.00, 7.94, 7.64. நாம் கணக்கிட்டுக் கண்ட அதே வரிசை அங்கே ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது.

8.25 எப்படி 7.94 ஆனது என்று ஆசிரியை கேட்டார், அது நியாயமான கேள்வி. முதலாம் ஆண்டு முடிவில் அவர் ஈட்டிய 41,250 ரூபாயை இந்த வங்கி இரண்டாம் ஆண்டு முழுவதும் தன்னிடம் வைத்திருந்துவிட்டு, அதற்கு வட்டி எதுவும் தராமல் முதிர்வில் கொடுக்கிறது. 12 மாத வைப்பைப் புதுப்பிப்பவருக்கோ முதலாம் ஆண்டின் 40,000 ரூபாய் இரண்டாம் ஆண்டில் 3,200 ரூபாயை ஈட்டிக் கொடுக்கிறது. தவணை நீள நீள இந்த இழப்பும் பெருகும். 60 மாத வரிசையில் 9.00 என்று கவர்ச்சியாக எழுதியிருந்தாலும் ஐந்து ஆண்டுகளின் பின்னர் 725,000 ரூபாய்தான் கிடைக்கும். 8 சதவீதத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க முடிந்தால் அதே காலத்தில் 734,664 ரூபாய் வரும்.

எல்லா வங்கிகளும் இப்படித்தான் செய்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. முதலாம் ஆண்டின் வட்டியை முதலுடன் சேர்த்து இரண்டாம் ஆண்டும் வட்டி தரும் வைப்புகளும் உண்டு. அத்தகைய வைப்பில் 8.25 என்றால் 24 மாத முடிவில் 585,903 ரூபாய் கிடைக்கும், அப்போது வெற்றி அந்த வைப்புக்கே. படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவதற்கு AER நிரல்தான் வழி. 24 மாத வரிசையில் இரு எண்களும் 8.25 ஆகவே இருந்தால் கூட்டு வட்டி, இரண்டாவது 7.94 ஆகக் குறைந்திருந்தால் தனி வட்டி. அந்த நிரலே இல்லாத படமாயின், "ஐந்து இலட்சம் போட்டால் முதிர்வு நாளில் சரியாக எத்தனை ரூபாய் வரும்?" என்று கருமபீடத்தில் கேட்டு எழுதி வாங்குவதே நல்லது. "வட்டி எத்தனை வீதம்?" என்று கேட்டால் பலகையில் உள்ள எண்ணைத்தான் திரும்பச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டின் வீதம்

மேலே கண்ட 700 ரூபாய் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஓராண்டின் பின்னரும் 12 மாத வீதம் 8 சதவீதமாகவே இருக்க வேண்டும். அதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. புதுப்பிக்கும் நாளில் எந்த வீதம் நடைமுறையில் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். எனவே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: இரண்டாம் ஆண்டின் வீதம் எந்த அளவுக்குக் கீழே போனால் 24 மாத வைப்பு நல்லதாகிவிடும்?

```
582500 / 540000 = 1.0787
```

விடை 7.87 சதவீதம். அடுத்த ஆண்டு இதே நாளில் 12 மாத வீதம் 7.87 க்கு மேல் இருந்தால் இப்போது 12 மாதத்துக்குப் போட்டது சரி. அதற்குக் கீழே இறங்கினால் 24 மாதத்துக்குப் போட்டிருக்க வேண்டும். 8.00 க்கும் 7.87 க்கும் இடையில் இருப்பது மிகச் சிறிய இடைவெளி. வீதம் கால் சதவீதம் இறங்கினாலே கணக்குப் புரண்டுவிடும். 7.50 ஆகக் குறைந்தால் 12 மாத வழியில் 580,500 ரூபாய்தான் வரும், 24 மாத வைப்பு 2,000 ரூபாய் முந்தும். வீதம் 8.50 ஆக ஏறினால் 585,900 ரூபாய் வரும், 12 மாத வழி 3,400 ரூபாய் முந்தும்.

வீதங்கள் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதை இலங்கையில் நாங்கள் அண்மையிலேயே பார்த்தோம். 2022 இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களைச் செங்குத்தாக உயர்த்தியபோது வைப்பு வீதங்கள் 20 சதவீதத்தையும் தாண்டின. 2023 ஜூன் மாதத்திலிருந்து மத்திய வங்கி கொள்கை வீதங்களைக் குறைக்கத் தொடங்கியது. 2025 மே மாதத்தில் ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75 சதவீதத்துக்கு வந்திருந்தது. உச்சத்தில் 12 மாதத்துக்குப் போட்டவர்கள் புதுப்பிக்கச் சென்ற நாளில் ஏமாந்தார்கள். அதே நாளில் சற்றுக் குறைந்த வீதத்தில் நீண்ட தவணைக்குப் போட்டவர்கள் தப்பினார்கள். ஆகவே வீதங்கள் மிக உயரத்தில் இருக்கும்போது நீண்ட தவணையின் குறைந்த AER ஐ ஏற்றுக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. வீதங்கள் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்போது 7.94 க்காக இரண்டு ஆண்டுகள் பணத்தைக் கட்டிவைக்க நான் தயங்குவேன். இது ஒரு கணிப்பு மட்டுமே. கணக்கு தரக்கூடியது 7.87 என்ற எல்லைக் கோட்டை மாத்திரம்தான்.

வரி பிடிக்கப்பட்டால்

வங்கி வட்டியைக் கொடுக்கும்போது பிடித்துவைத்தல் வரியைக் கழித்துக்கொள்கிறது. 2025 ஏப்ரல் 1 இலிருந்து இது 10 சதவீதம், அதற்கு முன்னர் 5 சதவீதமாக இருந்தது. வரி வட்டியின் மேல்தான், முதலின் மேல் அல்ல. 24 மாத வைப்பில் முதிர்வில் ஒரே தடவையாக 8,250 ரூபாய் கழிந்து 574,250 ரூபாய் கைக்கு வரும். 12 மாத வழியில் முதலாம் ஆண்டு முடிவிலேயே 4,000 ரூபாய் கழிந்துவிடுவதால் 536,000 ரூபாய்தான் புதுப்பிக்கப்படும். இரண்டாம் ஆண்டு முடிவில் 574,592 ரூபாய் வரும். முன்னிலை இன்னமும் இருக்கிறது, ஆனால் 700 ரூபாய் 342 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. எல்லைக் கோடும் 7.87 இலிருந்து 7.93 க்கு ஏறிவிடுகிறது.

ஒரு மதிப்பீட்டாண்டில் மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கொடுத்து இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். அப்படிக் கொடுப்பவர்களுக்கு மேலே முதலில் போட்ட, வரி கழிக்காத கணக்கே பொருந்தும். கொடுக்காதவர்கள் p.a. வீதத்தை 0.9 ஆல் பெருக்கிவிட்டு அதே கணக்கைப் போட வேண்டும்.

புதுப்பிக்கும் கட்டளை

இதுவரை போட்ட கணக்கு முழுவதையும் கவிழ்க்கக்கூடிய ஒரு சிறிய கட்டம் வைப்பு விண்ணப்பத்தில் இருக்கிறது. முதிர்வில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் கேட்டிருக்கும்: முதலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பிப்பதா, முதலை மட்டும் புதுப்பித்து வட்டியைச் சேமிப்புக் கணக்கில் இடுவதா, அல்லது இரண்டையும் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவதா? 583,200 என்ற தொகை முதலாவது கட்டளைக்கு மட்டுமே வரும். இரண்டாவதைத் தெரிவு செய்தால் முதலாம் ஆண்டின் 40,000 ரூபாய் சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். அங்கே 2.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் அது 1,000 ரூபாயை ஈட்டும். இரண்டு ஆண்டுகளில் மொத்த வட்டி 81,000 ரூபாய், அதாவது 24 மாத வைப்பை விட 1,500 ரூபாய் குறைவு. படிவத்தில் ஒரு சரி அடையாளம் இடம் மாறியதால் வெற்றியும் இடம் மாறிவிட்டது.

மாதாந்த வட்டி வரிசையின் 7.98 உம் இதே காரணத்தால் ஏமாற்றக்கூடியது. 8.00 க்கு மிக அருகில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். மாதந்தோறும் கிடைக்கும் 3,208 ரூபாயை உடனே அதே 7.70 சதவீதத்தில் மீண்டும் இட முடிந்தால்தான் அந்த எண் உண்மையாகும். 3,208 ரூபாய் போன்ற சிறு தொகைக்குப் பெரும்பாலான வங்கிகள் நிலையான வைப்புத் திறப்பதில்லை. பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் ஆண்டு முடிவில் 38,500 ரூபாய் வட்டியும் அதன் மேல் ஏறத்தாழ 440 ரூபாயும் வரும். முதிர்வில் வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் 40,000 ரூபாயுடன் ஒப்பிட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைவு. மாதச் செலவுக்கு அந்தப் பணம் வேண்டும் என்பவர்களுக்கு இது வேறு விடயம். அவர்கள் வாங்கத்தான் வேண்டும், வாங்கும்போது AER நிரலைப் பார்க்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் கருமபீடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது: முதிர்வுக்கு முன்னர் எடுத்தால் எந்த வீதம் தருவார்கள்? அட்டவணையில் இருக்கும் வீதம் தவணை முடியும் வரை காத்திருப்பவருக்கு உரியது. இடையில் உடைத்தால் வங்கி குறைந்த வீதத்தில் மறுபடி கணக்கிடும், ஏற்கெனவே கொடுத்த வட்டி கூடிப்போயிருந்தால் முதலிலிருந்து கழித்துக்கொள்ளவும் கூடும். பதினான்காம் மாதத்தில் பணம் தேவைப்படலாம் என்ற சந்தேகம் ஒருவருக்கு இருந்தால், 24 மாத வரிசையைத் தாளிலிருந்து கீறிவிட்டு மற்ற வரிசைகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஆசிரியை செய்தது

தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் இரண்டு எண்களை மட்டும் வட்டமிட்டார்: 700 உம் 7.87 உம். "எழுநூறு ரூபாய்க்காக இவ்வளவு கணக்கா?" என்று சிரித்தார். பிறகு, மழைக்கு முன்னரே கூரையைப் பார்க்க வேண்டி வந்தாலும் வரலாம், ஓராண்டில் கையில் எடுக்கக்கூடியதாக இருப்பது நல்லது என்று சொல்லி 12 மாதத்தைத் தெரிவு செய்தார். அந்தக் காரணம் என் கணக்கில் எங்கும் இருக்கவில்லை. ஆனால் 24 மாதத்துக்குப் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற எண்ணம் நீங்கிய பின்னர்தான் அதை அவரால் யோசிக்க முடிந்தது.

வைப்பிட்டுவிட்டு வந்த அன்று மாலை வைப்புச் சான்றிதழையும் படம்பிடித்து அனுப்பியிருந்தார். தொகை, வீதம், முதிர்வுத் திகதி எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில் மாத்திரம் முதலை மட்டும் புதுப்பிக்கும்படி பதிவாகியிருந்தது. படிவத்தை நிரப்பிய உத்தியோகத்தர் வழக்கமாக எல்லாருக்கும் போடுவதைப் போட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை கிளைக்குச் சென்று, ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டு, முதலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பிக்குமாறு மாற்றிக்கொண்டார். முதிர்வுத் திகதிக்கு ஒரு வாரம் முன்னதாக நாட்காட்டியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். அன்று மறுபடியும் பலகையைப் படம்பிடித்து, 12 மாத வரிசையில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு.